ஒரு விசா, மூணு கணக்கு

பழைய பாஸ்போர்ட் பக்கங்களை செல்போனில் படம் பிடிச்சு சேர்த்து வைக்கிறது நமக்கு ரொம்ப நாள் பழக்கம். தபால்தலை சேர்க்கிற மாதிரிதான் இதுவும். திண்டுக்கல், பேகம்பூர், நத்தம், வேடசந்தூர்னு சுத்துவட்டாரத்தில் யார் வீட்டு பீரோவைத் திறந்தாலும் ஓரம் வெட்டின பாஸ்போர்ட் ஒண்ணாவது கிடைக்கும். வளைகுடா போய்ட்டு வந்த அப்பாவோட பாஸ்போர்ட், சிலோன்லேர்ந்து திரும்பி வந்த தாத்தாவோட பாஸ்போர்ட். படம் எடுத்துக்கிறேன்னு கேட்டா, "அதுல என்னப்பா இருக்கு, எடுத்துக்க" அப்படின்னு கொடுத்துடுவாங்க.

அதுல என்ன இருக்குங்கிறதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

விசாவைக் கையில் வாங்கினவங்க எல்லாருமே முதலில் தேடுறது ஒரு தேதியைத்தான். "எப்ப வரைக்கும் இருக்கு?" இந்தக் கேள்வியிலேயே தப்பு ஆரம்பிச்சுடுது. ஏன்னா விசா முத்திரையில் மூணு தனித்தனி கணக்கு ஓடும். ஒண்ணு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிக்குள் அந்த நாட்டு வாசலில் போய் நிக்கணும். ரெண்டாவது, உள்ளே நுழைஞ்ச பிறகு எத்தனை நாள் தங்கலாம். மூணாவது, எத்தனை தடவை நுழையலாம், ஒரு தடவையா பல தடவையா. இந்த மூணுக்கும் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். போய் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாதுங்கிற நிபந்தனை. அந்த வரி நமக்குத் தெரியாத பாஷையில் இருந்தா, மத்த மூணையும் சரியா படிச்சும் புண்ணியமில்லை.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இந்தக் காகிதம் எப்போ வந்து சேர்ந்தது, அதை எப்படித் தப்பாப் படிச்சாங்க, தப்பாப் படிச்சதுக்கு என்ன விலை கொடுத்தாங்கன்னு பார்ப்போம்.

சிலோன்: தங்கும் காலம்னு ஒண்ணு வந்தது

பழைய மதுரை ஜில்லாவில்தான் திண்டுக்கல் இருந்தது. தனி மாவட்டம் ஆனது 1985ல். அதனால் நான் பார்த்த பழைய பாஸ்போர்ட்டுகளில் எல்லாம் மதுரை மாவட்டம்னுதான் போட்டிருக்கும். இந்தச் சமவெளி மானாவாரி பூமி. மழை தப்பினா சிலோன் தேயிலைத் தோட்டம்னு ரொம்ப காலமா ஒரு வழி இருந்தது. கங்காணி ஆள் சேர்ப்பார், மண்டபம் முகாமில் உடம்பைப் பார்ப்பாங்க, தனுஷ்கோடியில் கப்பல் ஏறினா தலைமன்னார். ரெண்டு பக்கமும் வெள்ளைக்காரன் ஆட்சிதான். விசான்னு ஒரு வார்த்தையே அந்தச் சனங்களுக்குத் தெரியாது. 1939 ஆகஸ்டில் இந்திய அரசாங்கம் கூலித் தொழிலாளர்கள் சிலோன் போறதுக்குத் தடை போட்டது. ஏற்கனவே அங்கே இருந்தவங்க இருந்தாங்க.

சிலோன் சுதந்திரம் வாங்கின 1948லேயே குடிவரவு, குடியகல்வுச் சட்டம்னு ஒண்ணு போட்டாங்க. அது நடைமுறைக்கு வந்தது 1949 நவம்பர் 1ஆம் தேதி. அன்னையிலேர்ந்து சிலோன் குடியுரிமை இல்லாதவங்க அங்கே இருக்கணும்னா விசாவோ அனுமதிச் சீட்டோ வேணும். கவனிங்க, இவங்கள்ல பெரும்பாலானவங்க புதுசா எங்கேயும் நுழையலை. பிறந்து வளர்ந்த லயத்திலேயேதான் இருந்தாங்க. ஆனா "நீ எத்தனை நாள் இருக்கலாம்" அப்படிங்கிற கேள்வி அவங்க மேல் வந்து விழுந்துடுச்சு. நுழைவு இல்லாமலே தங்கும் காலம்! நான் மேலே சொன்ன மூணு கணக்கில் ரெண்டாவது, நம்ம சனங்களுக்கு இப்படித்தான் அறிமுகமாச்சு.

அதுக்கப்புறம் 1964 அக்டோபர் 30ல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா ஏத்துக்கணும், 3,00,000 பேரை சிலோன் ஏத்துக்கணும், மீதி 1,50,000 பேரைப் பத்தி அப்புறம் பேசலாம் (அதை 1974ல் பாதிப் பாதியா பிரிச்சுக்கிட்டாங்க). பதினஞ்சு வருஷத்தில் முடிக்கணும்னு பேச்சு. இதில் ஒரு ஷரத்து இருக்கு. வேலையில் இருக்கிறவங்க, அவங்க முறை வந்து இந்தியாவுக்கு அனுப்பப்படுற நாள் வரைக்குமோ அல்லது 55 வயசு ஆகிற வரைக்குமோ, இதில் எது முந்தி வருதோ அதுவரைக்கும் வேலையில் தொடரலாம். "எது முந்தியோ அது" அப்படிங்கிற அந்த மூணு வார்த்தைதான் முக்கியம். 55 வரைக்கும் இருக்கலாம்னு நம்பினவருக்கு 45லேயே முறை வந்துட்டா, கணக்கு அன்னைக்கே முடிஞ்சது.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில். சட்டம் ஆங்கிலத்தில். அதுக்குக் கட்டுப்பட்டவங்க கைநாட்டு. அப்படித் திரும்பி வந்தவங்களில் ஒரு பகுதிதான் இன்னைக்கு நம்ம மாவட்டத்துக் கொடைக்கானல் மலைக் கிராமங்களில் இருக்கிற தாயகம் திரும்பினவங்க. தேதிகளைத் தனித்தனியாப் படிக்கணும், எது முந்துதுன்னு பார்க்கணும்ங்கிற பாடம் அங்கேயே இருந்தது. ஆனா அந்தப் பாடத்தை அடுத்து வளைகுடாவுக்குக் கிளம்பினவங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கலை.

சவூதி: காகிதமும் வேற, காலண்டரும் வேற

1973ல் எண்ணெய் விலை ஏறினதுக்கு அப்புறம் வளைகுடாவில் ஆள் தேவை எகிறிடுச்சு. நம்ம பக்கத்தில் தோல்ஷாப் வேலை, பூட்டுப் பட்டறை வேலை எல்லாம் தேஞ்சுக்கிட்டு வந்த காலத்தில் பசங்க பம்பாய் ரயிலேறினாங்க. பம்பாய்னா, அங்கேதான் சவூதி தூதரகக் கிளை இருந்தது. பாஸ்போர்ட்டை ஏஜெண்ட் வாங்கி உள்ளே கொடுப்பார், முத்திரை விழுந்து வெளியே வரும். 1983ல் இந்திய அரசாங்கம் புதுக் குடிபெயர்வுச் சட்டம் கொண்டு வந்து, படிப்புக் குறைஞ்சவங்க பாஸ்போர்ட்டில் "குடிபெயர்வு சோதனை தேவை" அப்படின்னு குத்தினாங்க. அந்த முத்திரை ஆங்கிலம். பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற சவூதி முத்திரை அரபி.

அந்தக் காலத்து சவூதி முத்திரையைப் படத்தில் பார்த்தா, ஒரு ரப்பர் சட்டம், அதுக்குள்ளே பேனாவால் நிரப்பின அரபி எழுத்து. தேதி ஹிஜ்ரி. எண்களும் அரபி எண்கள். இந்த எண்கள்தான் முதல் கண்ணி. அரபி அஞ்சு ஒரு வட்டம், நம்ம கண்ணுக்குப் பூஜ்யம். அரபி ஆறு நம்ம ஏழு மாதிரி இருக்கும். அவங்க பூஜ்யம் வெறும் புள்ளி. படத்தில் அந்தப் புள்ளி கொஞ்சம் கலங்கினா 30 நாள் 3 நாளாத் தெரியும். பக்கத்தில் மை சிந்தி இருந்தா 9 நாள் 90 ஆகும். ரெண்டுக்கும் மூணுக்கும் வித்தியாசம் தலையில் இருக்கிற ஒரே ஒரு பல்லுதான். அவசரமா எழுதினா அந்தப் பல்லும் மழுங்கிடும்.

எழுத்து வலமிருந்து இடம், ஆனா ஒரு எண்ணுக்குள் இலக்கங்கள் இடமிருந்து வலம். முழுத் தேதியை அரபிக்காரர் கையால எழுதும்போது, வலது ஓரத்தில் நாள், நடுவில் மாசம், இடது ஓரத்தில் வருஷம். நம்ம ஆளு இடமிருந்து பார்த்தா 1434/6/5. இது ஆறாவது மாசம் அஞ்சாம் தேதி. வருஷம் இடது பக்கம் இருக்கிறதைப் பிடிச்சுக்கிட்டா குழப்பமில்லை. வருஷத்தை 34னு சுருக்கி எழுதியிருந்தாதான் தலைவலி.

சரி, எண்களைப் படிச்சாச்சு. அடுத்தது காலண்டர். ஹிஜ்ரி வருஷத்துக்கு 354 அல்லது 355 நாள். நம்ம வருஷத்தை விட 11 நாள் போல குறைவு. "ஒரு வருஷம்"னு சவூதி காகிதம் சொன்னா அது நம்ம ஒரு வருஷம் இல்லை. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஹிஜ்ரி 1434 முஹர்ரம் 1ஆம் தேதி சவூதியில் 2012 நவம்பர் 15. ஒருத்தருக்கு அன்னைக்கு ஒரு வருஷத்துக்கு இகாமா, அதாவது குடியிருப்பு அட்டை கிடைச்சுதுன்னு வச்சுக்கங்க. நம்ம ஆள் 2013 நவம்பர் 14 வரைக்கும் இருக்குன்னு நினைப்பார். ஆனா 1434 முடியறது 2013 நவம்பர் 3. பதினோரு நாள் முன்னாடியே அட்டை செத்துப்போச்சு. ரெண்டு வருஷ அட்டைன்னா இருபத்தொரு நாள்.

இதிலே இன்னொரு சின்ன விஷயம். நம்ம வீட்டு தினசரி காலண்டரில் ஹிஜ்ரி தேதியும் சின்னதா அச்சடிச்சிருக்கும், அதைப் பார்த்து கணக்குப் போடுறவங்க உண்டு. அது இங்கே பிறை பார்த்த கணக்கு. சவூதி அலுவலகங்கள் பயன்படுத்துறது உம்முல் குரா காலண்டர், முன்கூட்டியே வானியல்படி போட்டு வச்சது. ரெண்டுக்கும் ஒருநாள், சமயத்தில் ரெண்டு நாள் வித்தியாசம் வரும். நோன்புப் பெருநாள் அங்கே முந்தி, இங்கே பிந்தி வருதில்லையா, அதே வித்தியாசம்தான். பெருநாளுக்குப் பரவாயில்லை, விசாவுக்கு ஒருநாள் பிந்தினாலும் அபராதம்.

2013: ஒரு கெடுவின் கதை

இதெல்லாம் ஏட்டுக் கணக்கு இல்லைன்னு காட்டின வருஷம் 2013. சவூதி அரசாங்கம் நிதாகத் திட்டத்தில் சொந்த நாட்டு ஆட்களுக்கு வேலை ஒதுக்க ஆரம்பிச்சு, காகிதம் சரியில்லாத வெளிநாட்டுக்காரங்களைப் பிடிக்கக் கிளம்பினாங்க. ஏப்ரல்ல மன்னர் அப்துல்லா மூணு மாசம் அவகாசம் கொடுத்தார். அதுக்குள்ளே காகிதத்தைச் சரி பண்ணிக்கலாம், இல்லைன்னா அபராதம் இல்லாம நாட்டைவிட்டுப் போகலாம். ஜூலை 3ல் முடிய வேண்டியதை நீட்டிச்சாங்க. எதுவரைக்கும்? நவம்பர் 3 வரைக்கும்.

இங்கே செய்தித்தாளில் படிச்சவங்களுக்கு நவம்பர் 3 ஒரு பொருந்தாத தேதியாத்தான் பட்டிருக்கும். மாசக் கடைசியும் இல்லை, முதல் தேதியும் இல்லை. ஆனா மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்க. 2013 நவம்பர் 3தான் ஹிஜ்ரி 1434ன் கடைசி நாள். அரபியில் அவங்க சொன்னது "வருஷ முடிவு வரைக்கும்". அரபி மட்டும் காதில் விழுந்து, எந்த வருஷம்னு கேட்டுக்காத ஒருத்தர் டிசம்பர் 31ன்னு நினைச்சிருந்தா, கதை கந்தல். ஒரு லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் அந்த அவகாசத்தில் ஊர் திரும்பினாங்க. பாஸ்போர்ட் முதலாளி கையில் மாட்டிக்கிட்டவங்களுக்கு இந்தியத் தூதரகம் அவசரச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிச்சுது. அதைத்தான் பசங்க "வெள்ளை பாஸ்போர்ட்"னு சொல்வாங்க. கெடு முடிஞ்ச மறுநாள், 1435ன் முதல் நாளிலேயே, சோதனைகள் ஆரம்பிச்சாச்சு.

அப்படிக் காகிதம் சரியில்லாமப் போனவங்க எல்லாரும் கள்ளத்தனமா உள்ளே போனவங்க இல்லை. பெரும்பாலானவங்க முறையான விசாவில் போனவங்கதான். முறையான விசாதான், ஆனா எந்த விசா? அதுக்கு ஸ்டிக்கரைப் படிக்கணும்.

ஒரு ஸ்டிக்கரைப் படிப்போம்

ரப்பர் முத்திரை போய், அச்சடிச்ச ஸ்டிக்கர் வந்த பிறகு தேதிகள் ஆங்கிலத்திலும் வந்தன. எனக்கு வந்த படங்களின் ஜாடையில் ஒரு மாதிரி விசாவை எடுத்துக்குவோம். ஆள் யாருன்னு வேண்டாம், எண்களும் நான் போட்டதுதான்.

"ஸாலிஹா இஃதிபாரன் மின்", இந்தத் தேதியிலிருந்து செல்லும்: 2013 மார்ச் 2. "லிகாயா", இந்தத் தேதி வரை: 2013 மே 30. "முத்ததுல் இகாமா", தங்கும் காலம்: 30 நாள். எத்தனை தடவை: "வாஹிதா", அதாவது ஒண்ணு. பல தடவைன்னா "முத்தஅத்திதா"ன்னு இருக்கும். வகை: "ஸியாரா", வருகை. கூடவே "திஜாரிய்யா"ன்னு இருந்தா வணிக வருகை. கடைசியா குறிப்பு: "கைர் முஸர்ரஹ் லஹு பில் அமல்".

ஏஜெண்ட் என்ன சொல்லியிருப்பார்? "தம்பி, மூணு மாச விசா. போனதும் கம்பெனிக்காரன் இகாமா எடுத்துக் குடுப்பான்." மார்ச்லேர்ந்து மே வரைக்கும் தேதி இருக்கே, மூணு மாசம்தானே? இல்லைங்க. அந்த மூணு மாசம் வாசல் திறந்திருக்கிற காலம். மே 25ஆம் தேதி ரியாத்தில் இறங்கினார்னா, கணக்கு அன்னைக்குத்தான் ஆரம்பிக்கும். இறங்கின நாளையும் சேர்த்து முப்பது எண்ணினா ஜூன் 23. மே 30 தாண்டினதும் பதறி ஓடி வரவேண்டியதில்லை, ஆனா ஜூன் 23 தாண்டி ஆகஸ்ட் வரைக்கும் இருக்கவும் முடியாது. நடுவில் பஹ்ரைன் போய் வரலாம்னு பாலத்தைத் தாண்டினா, ஒரே நுழைவு தீர்ந்துபோச்சு. மிச்ச நாளும் போச்சு.

எல்லா நாட்டுக்கும் இதே அர்த்தம்னும் நினைச்சுடாதீங்க. ஐரோப்பாவின் ஷெங்கன் ஸ்டிக்கரிலும் இதே மூணு கட்டம் இருக்கும். அங்கே "வரை"ன்னு போட்ட தேதி வெளியே வந்திருக்க வேண்டிய கடைசி நாள். தங்கும் நாள் மிச்சம் இருந்தாலும் அந்தத் தேதியைத் தாண்டக்கூடாது. சிலோன் ஒப்பந்தத்தில் பார்த்தோமே, எது முந்தியோ அது, அந்தக் கணக்கு. அமெரிக்க விசாவில் அந்தத் தேதி நுழைய மட்டும்தான். எத்தனை நாள் இருக்கலாம்ங்கிறதை விமான நிலைய அதிகாரி முடிவு பண்ணுவார். கட்டம் ஒண்ணு, அர்த்தம் மூணு. அதனாலதான் ஒருத்தர் அனுபவம் இன்னொருத்தருக்கு உதவாது.

இப்போ அந்தக் கடைசி அரபி வரிக்கு வருவோம். "கைர் முஸர்ரஹ் லஹு பில் அமல்"னா, "இவருக்கு வேலை செய்ய அனுமதி இல்லை". முடிஞ்சது கதை. மேலே உள்ள மூணு கணக்கையும் நூத்துக்கு நூறு சரியாப் படிச்சிருந்தாலும், இந்த ஒரு வரி, போற காரியத்தையே தப்புன்னு சொல்லுது. வேலை விசான்னா வகையில் "அமல்" அப்படின்னு இருக்கும். அதாவது வேலை. விவரமே தெரியாதவங்க படத்தில் "அமல்"ங்கிற வார்த்தையை மட்டும் யார்கிட்டயாவது காட்டி, "வேலைன்னு போட்டிருக்கு" அப்படின்னு திருப்தி ஆயிடுவாங்க. அதே வார்த்தை ரெண்டு விசாவிலும் இருக்கு! ஒண்ணில் வேலைன்னு, இன்னொண்ணில் வேலை கூடாதுன்னு. முன்னாடி "கைர்" இருக்கான்னு பார்க்கணும்.

உண்மையான வேலை விசாவிலும் ஒரு குழப்பம் உண்டு. அதில் தங்கும் காலம் 90 நாள்னு போட்டிருக்கும். "ரெண்டு வருஷ வேலைன்னு சொன்னீங்க, இதுல தொண்ணூறு நாள்தான் இருக்கு" அப்படின்னு சண்டைக்குப் போன அப்பாமார் உண்டு. அது தப்பில்லை. நுழைஞ்ச 90 நாளுக்குள்ளே முதலாளி இகாமா எடுத்துக் கொடுக்கணும். அதுக்கு அப்புறம் விசாவுக்கு வேலை இல்லை, இகாமாதான் எல்லாம். சண்டை போட வேண்டிய இடம் வேற. தொழில்னு எழுதியிருக்கிற வார்த்தை. டிரைவர்னா "ஸாயிக்". அந்த இடத்தில் "ராஈ"ன்னு இருந்தா ஆடு ஒட்டகம் மேய்க்கிறவர். விமானம் ஏறுறதுக்கு முன்னாடி அந்த ஒரு வார்த்தையைப் படிக்க ஆள் கிடைக்காம, பாலைவனத்தில் போய் அர்த்தம் தெரிஞ்சுக்கிட்டவங்க கதை வளைகுடா போன எல்லா ஊரிலும் உண்டு.

திரும்பி வரும்போது விழுற முத்திரை

உள்ளே போற முத்திரையைப் பத்தி இவ்வளவு பேசினோம். லீவில் ஊருக்கு வரும்போது விழுறது அதை விட முக்கியம். சவூதியில் வேலை பார்க்கிறவர் நாட்டைவிட்டு வெளியேறவும் அனுமதி வேணும். ரெண்டு வகை. "குரூஜ் வ அவ்தா", வெளியேறித் திரும்பி வரலாம். "குரூஜ் நிஹாயி", வெளியேறினா அவ்வளவுதான், கடைசி. ரெண்டும் "குரூஜ்"னுதான் ஆரம்பிக்கும். லீவுக்குன்னு நம்பி நிஹாயியில் வந்து இறங்கி, ரெண்டு மாசம் கழிச்சுத் திரும்பிப் போக டிக்கெட் கேட்கும்போதுதான் உண்மை தெரிஞ்சவங்களை நானே பார்த்திருக்கேன். பாஸ்போர்ட்டில் முத்திரை அன்னைக்கே இருந்தது. படிக்கத்தான் ஆள் இல்லை.

அவ்தாவிலும் கணக்கு ரெண்டு விதமா ஓடும். மாசக் கணக்கில் கொடுத்திருந்தா, கொடுத்த தேதியிலிருந்து மூணு மாசத்துக்குள் கிளம்பலாம், தங்கும் காலம் கிளம்பின நாளிலிருந்து எண்ணப்படும். "இந்தத் தேதிக்கு முன் திரும்பு"ன்னு இருந்தா, அது கொடுத்த நாளிலேயே ஓட ஆரம்பிச்சுடும். அங்கே டிக்கெட் கிடைக்காம இருபது நாள் தாமதமா கிளம்பினா, லீவில் இருபது நாள் போச்சு. இதைத் தவற விட்டவங்களுக்கு பழைய முதலாளியைத் தவிர வேற யார்கிட்டயும் வேலைக்குப் போகமுடியாதபடி மூணு வருஷத் தடை இருந்தது. ஊரில் கல்யாணம் முடிஞ்சு நாலு நாள் கூட இருந்ததுக்கு மூணு வருஷம்! அந்தத் தடையை 2024 ஜனவரியில்தான் நீக்கினாங்க.

ஸ்டிக்கர் போச்சு, படம் மட்டும் மிச்சம்

2023 மே 1லிருந்து இந்தியா உட்பட ஏழு நாட்டுக்காரங்களுக்கு சவூதி, பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் ஒட்டுறதை நிறுத்திடுச்சு. இப்போ வர்றது ஒரு வெள்ளைத் தாள், அதில் கியூஆர் கட்டம். அதே வருஷம் நவம்பரில், அரசாங்க நடைமுறைகளில் கால அளவை ஆங்கிலக் காலண்டர்படி எண்ண அவங்க அமைச்சரவை ஒப்புக்கிச்சு. மார்க்கக் காரியங்களுக்கு மட்டும் ஹிஜ்ரி. ஆக, நாப்பது அம்பது வருஷமா நம்மாளுங்களைத் தடுக்கி விழ வச்ச பதினோரு நாள் இனிமே இருக்காது. மூணு கணக்கும், நிபந்தனை வரியும் அப்படியேதான் இருக்கு.

ஒரு புது ஆபத்தும் சேர்ந்திருக்கு. ஸ்டிக்கரைப் போலியா அடிக்கிறது கஷ்டம். தாளின் படத்தில் ஒரு எண்ணை மாத்துறது செல்போன் வச்சிருக்கிற எந்தப் பையனுக்கும் அஞ்சு நிமிஷ வேலை. இப்போ விசாங்கிறதே வாட்ஸப்பில் வர்ற படம்தான். அதனால் அப்படி ஒரு படம் வந்தா நான் பார்க்கிற வரிசை இது. முதலில், தாளின் நாலு மூலையும் படத்தில் இருக்கா? அடி ஓரம் வெட்டுப்பட்டிருந்தா நிபந்தனை வரி அங்கேதான் போயிருக்கும், முழுப் படம் வரும்வரை ஒண்ணும் பேசக்கூடாது. அடுத்தது, அரபியில் இருக்கிற எண்ணும் ஆங்கிலத்தில் இருக்கிற எண்ணும் ஒத்துப் போகுதா? மாத்துறவன் பெரும்பாலும் ஆங்கிலத்தை மட்டும்தான் மாத்துவான், அரபி 30னே சொல்லிக்கிட்டு இருக்கும். மூணாவது, கியூஆர் கட்டம் எங்கே கூட்டிட்டுப் போகுதோ அங்கே நம்பிப் போகக்கூடாது. சவூதி வெளியுறவு அமைச்சகத்தின் visa.mofa.gov.sa முகவரியை நாமே தட்டி, விசா எண்ணையும் பாஸ்போர்ட் எண்ணையும் போட்டுப் பார்க்கணும். அங்கே வர்றதுதான் விசா, கையில் இருக்கிறது அதன் நகல். கடைசியா வகை, தொழில், "கைர்" இருக்கா இல்லையா.

இதுக்கு அரபி படிச்சிருக்கணும்னு இல்லை. மேலே சொன்ன ஏழெட்டு வார்த்தைகளின் உருவம் தெரிஞ்சா போதும். பேகம்பூரில் குர்ஆன் ஓதத் தெரிஞ்ச பத்து வயசுப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டத் தெரியும், அர்த்தம் மட்டும் நாம சொல்லணும். பக்கத்துத் தெருவில் எழுத்துக் கூட்டத் தெரிஞ்ச பிள்ளைங்க இருக்க, பம்பாய் ஏஜெண்ட் சொன்ன அர்த்தத்தை நம்பி நம்ம ஊரிலேர்ந்து ரெண்டு தலைமுறை விமானம் ஏறியிருக்கு.

டிஸ்கி: உங்க வீட்டு பீரோவிலும் பழைய பாஸ்போர்ட் இருந்தா, தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி முத்திரைப் பக்கங்களை மட்டும் நல்ல வெளிச்சத்தில், ஃப்ளாஷ் போடாம, முழுப் பக்கமும் தெரியற மாதிரி படம் எடுத்து வச்சுக்கங்க. பேரும் போட்டோவும் இருக்கிற பக்கத்தை யாருக்கும் அனுப்பாதீங்க. எனக்கும்தான்.